பாட்டை எந்த இடத்தில் வைப்பது? இருபது நிமிட நாடகத்துக்கு நான்கு வழிகள்

குறுநாடகம் ஒன்றை எழுதி முடித்து, "இதில் ஒரு பாட்டும் இருக்கட்டும்" என்று முடிவானதும் பெரும்பாலான குழுக்கள் மெட்டைத் தேடத் தொடங்கிவிடுகின்றன. அதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாட்டு வந்து போன பிறகு கதையில் என்ன மாறியிருக்கும்? மெட்டு சுமாராக இருந்தாலும், சரியான இடத்தில் விழுந்த பாட்டு கதையை முன்னே தள்ளிவிடும். இடம் தவறினால் மெட்டு எத்தனை இனிமையாக இருந்தும் பயனில்லை. பாடி முடிக்கும் வரை கதை ஓரமாக நின்று காத்திருக்கும்.

குறுநாடகத்தில் இந்தத் தவறு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் நேரக் கணக்குதான். எட்டு அடி கொண்ட ஒரு தாள ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் சரியாக 5 நொடி. சினிமாப் பாட்டின் வடிவம் நம் காதில் ஊறிப்போனது என்பதால் பலரும் அதே அமைப்பில்தான் எழுதுகிறார்கள். முன்னிசைக்கு 4 ஆவர்த்தனம், பல்லவிக்கு 4, இடையிசைக்கு 4, சரணத்துக்கு 6, மறுபடி பல்லவி 2, இன்னொரு இடையிசை 4, இரண்டாம் சரணம் 6, முடிவில் பல்லவி 4. மொத்தம் 34 ஆவர்த்தனம், அதாவது 170 நொடி. இருபது நிமிட நாடகத்தில் அது ஏழில் ஒரு பங்கு. அந்த ஏழில் ஒரு பங்கில் முன்னிசையும் இடையிசையும் மட்டுமே ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்கின்றன. திரையில் அந்த நேரத்துக்குக் காட்சி மாறும், இடம் மாறும், நாள் கழியும். மேடையில் நடிகர் ஜன்னலோரம் போய் நிற்பார், பிறகு திரும்பி வருவார். ஆகவே திரைப்பாட்டின் அமைப்பை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம்.

எந்த இடம் பொருந்தும் என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே கதையில் நான்கு இடங்களிலும் பாட்டை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கதை இதுதான். மலர் அக்கா, கயல் தங்கை. படுக்கையில் கிடக்கும் அப்பாவை இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். கயலுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, அதற்கான கடிதம் வந்திருக்கிறது. கயல் போய்விட்டால் தான் மட்டும் தனியாக இந்த வீட்டில் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்ற பயத்தில், மலர் அந்தக் கடிதத்தை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவிடுகிறாள். நாளையோடு பதில் அனுப்பும் கெடு முடிகிறது. மேடையில் இரண்டு பேர், உள்ளறையிலிருந்து ஒரு குரல், ஓர் அலமாரி, சில போர்வைகள். வேறு எதுவும் தேவையில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை. பாட்டுக்கு முந்தைய கடைசி வசனத்தையும் பிந்தைய முதல் வசனத்தையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நடுவில் எதுவும் விடுபட்டதாகத் தோன்றாமல் பேச்சு சரளமாகப் போனால், பாட்டு எந்த வேலையும் செய்யவில்லை. "இதென்ன, இவளுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்கத் தோன்றினால், அந்த இடைவெளியில்தான் பாட்டு இருக்க வேண்டும். கீழே சொல்லும் நான்கு வழிகளையும் இந்த ஒரே சோதனையால்தான் எடை போடுகிறோம்.

தொடக்கத்தில் பாட்டு

திரை விலகுகிறது, அக்காவும் தங்கையும் வேலை செய்தபடி பாடுகிறார்கள். அரங்கம் அமைதியாகிறது, இருவருக்கும் இடையிலுள்ள பாசம் புரிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு என்ன பயம் என்று பார்வையாளருக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஒன்றும் பணயத்தில் இல்லாதபோது பாட்டால் எதையும் மாற்ற முடியாது. முழுப் பாட்டையும் தொடக்கத்தில் வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இருபது நொடி மட்டும் வைப்பது வேறு விஷயம். அதன் பயன் மூன்றாவது வழியில் தெரியும்.

தனிமையில், முடிவெடுக்கும் நேரத்தில்

பத்தாவது நிமிட அளவில் கயல் வெளியே போகிறாள். மலர் அலமாரியைத் திறந்து கடிதத்தை எடுக்கிறாள். கிழிக்கலாமா, கொடுக்கலாமா? பலரும் தேர்ந்தெடுப்பது இந்த இடத்தைத்தான், அதில் நியாயமும் உண்டு. ஒருவரின் மனப்போராட்டத்தை வெளியே கொண்டுவர வசனத்தைவிடப் பாட்டுக்கு வசதி அதிகம். தனியாக நின்று நீளமாகப் பேசினால் செயற்கையாகத் தெரியும் இடத்தில், பாடினால் பார்வையாளர் ஏற்றுக்கொள்கிறார்.

இந்த வழியில் பாட்டின் தொடக்கமும் முடிவும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும். தொடங்கும்போது மலர் கிழிக்கப்போகிறாள், முடிக்கும்போது கொடுக்கப்போகிறாள். பல்லவி திரும்பத் திரும்ப வரும் என்பதால், இந்தத் திருப்பத்தை அதிலேயே கட்டிவிடலாம்.

முதல் முறை:
"ஒரு தாள்தானே, ஒரு தாள்தானே,
கிழிச்சாப் போச்சு."

கடைசி முறை:
"ஒரு தாள்தானே, ஒரு தாள்தானே,
கொடுத்தாப் போச்சு."

மெட்டு அதுவே, மாறியது ஒரே சொல். "தாள்தானே" என்பது முதலில் அலட்சியமாகக் கேட்கும். கடைசியில் அதே சொல், ஒரு தாளுக்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்ற ஆற்றாமையோடு ஒலிக்கும். பல்லவியைச் சும்மா திருப்பிப் பாடினால் கதை நிற்கும், பொருள் மாறித் திரும்பி வந்தால் நகரும். பல்லவியின் பயனே இதுதான், அதை வீணாக்கக் கூடாது.

மனம் மாறக் காரணம் வேண்டுமே! இந்த வழி பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. முதல் சரணத்தில் மலர் தன் பயத்தைச் சொல்கிறாள், இரண்டாம் சரணத்தில் தங்கையின் மேல் உள்ள பாசத்தைச் சொல்கிறாள். பிறகு தானாகவே மனம் மாறிவிடுகிறது. பார்வையாளருக்கு இது ஒட்டாது. அவள் பயமும் பாசமும் பாட்டுக்கு முன்பே அவருக்குத் தெரியும், புதிதாக எதுவும் நடக்கவில்லை. ஆகவே இரண்டு சரணங்களுக்கும் நடுவில் வெளியிலிருந்து ஒன்று வந்து மோத வேண்டும். உள்ளறையிலிருந்து அப்பா "கயலு..." என்று கூப்பிடுகிறார். மலர் போய் எட்டிப் பார்க்கிறாள். அவர் அவளைக் கயல் என்றே நினைத்து, "மலரை விட்டுட்டுப் போயிடாதேம்மா, அவளுக்கு யாரும் இல்லை" என்கிறார். மலருடைய பயத்தைத்தான் அவர் தன் வாயால் சொல்கிறார். அதே பயம் அடுத்தவர் வாயிலிருந்து வந்து காதில் விழும்போது மலருக்குக் கூசுகிறது. இப்போது இரண்டாம் சரணத்துக்குப் பாட விஷயம் கிடைத்துவிட்டது.

நேரக் கணக்கு இப்படி வரும். முன்னிசை ஓர் ஆவர்த்தனம், பல்லவி 2, சரணம் 4, பல்லவி 2, பிறகு அப்பாவின் பேச்சு, அடுத்து சரணம் 4, கடைசியில் பல்லவி 1. பாடும் பகுதி 14 ஆவர்த்தனம், 70 நொடி. பேச்சுக்கு 20 நொடி சேர்த்தால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த 20 நொடிப் பேச்சு ஒவ்வொரு நாளும் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு நாள் 17 நொடியில் முடியும், இன்னொரு நாள் 25 ஆகும். நேரடியாக வாசிக்கிறவர்கள் இருந்தால் கவலை இல்லை. ஓர் ஆவர்த்தன நீளமுள்ள எளிய சொற்கட்டைத் திரும்பத் திரும்ப மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்து, "யாரும் இல்லை" என்ற சொல் விழுந்ததும் அடுத்த சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில், சரணத்துக்குப் போய்விடலாம். பதிவு செய்த இசையாக இருந்தால் அதை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது. நடிகர் பேசி முடிக்கும் முன்னே சரணத்தின் இசை வந்து நின்றால், அப்பாவின் அந்த ஒரு வரி மூழ்கிப் போகும். பாட்டுக்குத் தேவையானதே அந்த வரிதான். கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் கோப்பின் முடிவில் திரும்பத் திரும்ப வரும் இசையை 40 நொடி நீளத்துக்கு விட்டுவையுங்கள். இரண்டாம் கோப்பு நேராகச் சரணத்தில் தொடங்கட்டும். ஒலிக் கருவியில் உட்காருகிறவர் "யாரும் இல்லை" என்பதைக் கேட்டதும் முதல் கோப்பை இறக்கியபடியே இரண்டாவதை ஓடவிடுவார். இதை ஒத்திகையில் ஐந்தாறு முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. முழுச் சுமையும் ஒரே நடிகரின் தொண்டையில் விழுகிறது. அவருக்குப் பாடவும் வர வேண்டும், பாடும்போதே மனம் மாறுவதைக் காட்டவும் வர வேண்டும். இன்னொரு விஷயம் கதையைப் பற்றியது. மலரே முன்வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டால், மீதிப் பாதி நாடகம் கயல் போவாளா மாட்டாளா என்பதாக மாறிவிடும். நீங்கள் எழுத நினைத்தது அதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதைக்குள்ளேயே பாடும் பாட்டு

நான்கு வழிகளில் எங்கள் தேர்வு இதுதான். முன் சொன்ன வழியில் மலர் பாடுவதை மலரே அறியமாட்டாள், அது மேடை மரபு. இங்கே மலரும் கயலும் தாங்கள் பாடுகிறோம் என்று தெரிந்தே பாடுகிறார்கள். சின்ன வயதில் விளையாடிய பாட்டு, ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவள் பதில் சொல்வாள்.

கயல்: மூடின கையில என்ன இருக்கு?
மலர்: முத்து இருக்கு, மணி இருக்கு.
கயல்: எனக்குக் கொஞ்சம் தருவியா?
மலர்: ஓடி வந்தாத் தருவேனே!

நான்கு வரி, வரிக்கு ஓர் ஆவர்த்தனம், 20 நொடி. நாடகத்தின் இரண்டாவது நிமிடத்தில், கடிதம் என்ற பேச்சே எழாத நேரத்தில், இருவரும் போர்வை மடிக்கும்போது இதை ஒரு முறை பாடிவிடுகிறார்கள். தொடக்கத்தில் இருபது நொடி என்று முன்பு சொன்னது இதைத்தான். சரியான பதில் எது, அது எவ்வளவு சட்டென்று வரும் என்பதைப் பார்வையாளர் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அது தவறும்போது யாரும் விளக்காமலே அவருக்குப் புரியும்.

ஐந்தாவது நிமிடத்தில் மலர் கடிதத்தை ஒளிப்பதைப் பார்வையாளர் பார்க்கிறார். பதினோராவது நிமிடத்தில் தோழி தொலைபேசியில் கயலிடம், தனக்குக் கடிதம் போன வாரமே வந்துவிட்டதாகச் சொல்கிறாள். கயலுக்குச் சந்தேகம் தட்டுகிறது. அக்காவிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. பதின்மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் போர்வை மடிக்கும் வேலை.

போர்வையைச் சும்மா கையில் கொடுக்கவில்லை, தாளமே அதில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்கிறார்கள். பிடித்து ஓர் உதறு உதறினால் வரும் சத்தம்தான் சமம். முதல் வரியில் அவரவர் கையிலுள்ள முனைகளை ஒன்றுசேர்த்து ஒரு மடிப்பு, இரண்டாம் வரியில் இன்னொரு மடிப்பு, மூன்றாம் வரியில் ஒருவரை நோக்கி ஒருவர் நடை, நான்காம் வரியில் தன் முனைகளைக் கயல் அக்காவின் கையில் சேர்ப்பாள். முன்னிசையே வேண்டாம். பேச்சிலிருந்து பாட்டுக்கு எப்படித் தாவுவது என்ற தொல்லையும் இல்லை. உதறும் சத்தம் வந்ததுமே வாய் தானாகப் பாட்டுக்குப் போய்விடும்.

முதல் போர்வை ஒழுங்காக மடிகிறது, நான்கு வரியும் சரியாக வருகிறது. இரண்டாவது போர்வையை எடுக்கிறார்கள்.

கயல்: மூடின கையில என்ன இருக்கு?

(மலர் பாடவில்லை. போர்வை இருவருக்கும் நடுவில் விறைப்பாக நிற்கிறது. எட்டு அடி கழிகிறது.)

கயல் (பாதி பாட்டு, பாதி பேச்சு): மூடின கையில... என்ன இருக்கு, அக்கா?
மலர்: முத்தும் இல்லை, மணியும் இல்லை.
கயல்: எனக்குக் கொஞ்சம் தருவியா?
மலர்: தந்தா நீ ஓடிப் போயிருவே.
கயல் (பேச்சில்): எங்கே வச்சிருக்கே?

பாட்டுக்கு முன் கயலிடம் இருந்தது சந்தேகம் மட்டுமே, பாட்டு முடியும்போது அது உறுதியாகிவிட்டது. மலர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள், "கடிதம்" என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. "ஓடி வந்தாத் தருவேனே" என்ற குழந்தை விளையாட்டு, "தந்தா நீ ஓடிப் போயிருவே" என்று திரும்பும்போது மலரின் பயம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறது. மேலே சொன்ன சோதனையையும் செய்து பாருங்கள். பாட்டை எடுத்துவிட்டு, போர்வை மடிக்க வந்த கயல் நேராக "எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டால் நடுவே ஏதோ காணாமல் போனது போல இருக்கும்.

மொத்தக் கணக்கு: இரண்டாவது நிமிடத்தில் 20 நொடி, பதின்மூன்றாவது நிமிடத்தில் முதல் போர்வைக்கு 20, இரண்டாவதற்கு ஏறக்குறைய 30. எல்லாம் சேர்த்து 70 நொடி. அதன் பிறகும் விளைவுகளைக் காட்டக் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் மிச்சம் இருக்கிறது.

இந்த வழி கெடுவது பெரும்பாலும் அந்த எட்டு அடி மௌனத்தில்தான். 5 நொடி என்பது தாளில் சிறியது, மேடையில் மிக நீளம். கயலாக நடிப்பவருக்கு, கூட நடிப்பவர் வரியை மறந்துவிட்டார் என்று பார்வையாளர் நினைத்துவிடுவாரோ என்ற பதற்றம் வரும். இரண்டு நொடியிலேயே அடுத்த வரியைப் பாடிவிடுவார். அப்படிச் செய்தால் மௌனம் வெறும் தடுமாற்றமாகப் போய்விடும். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, முதல் இரண்டு முறையும் மலரின் பதில் உடனே, சமத்திலேயே விழ வேண்டும். பதிலில் அங்கேயே தயக்கம் இருந்தால், பிறகு வரும் மௌனத்துக்கு அர்த்தம் இல்லை. இரண்டு, அந்த எட்டு அடியிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது நடக்க வேண்டும். முதல் நான்கு அடியில் மலரின் கை போர்வை முனையை இறுக்குகிறது, அடுத்த நான்கில் அவள் பார்வை அலமாரிக்குப் போய்த் திரும்புகிறது. கயல் மனதுக்குள் எட்டு வரை எண்ணுகிறாள். ஒத்திகையில் இயக்குநர் இதைக் கைதட்டி எண்ணிக் காட்டலாம், பிறகு கைதட்டலை நிறுத்திவிட வேண்டும்.

பின்னணி இசை இதற்கு வேண்டவே வேண்டாம். பதிவு செய்த இசை ஓடினால் மௌனத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அதைவிட மோசம், மௌனம் மௌனமாகவே இருக்காது. இசைக் கருவி இல்லாததால் சுருதி எங்கே போகும் என்ற பயம் வரலாம். விளையாட்டுப் பாட்டு நான்கைந்து சுரத்துக்குள் அடங்கட்டும், இருவருக்கும் வசதியான சுருதியை ஒத்திகையிலேயே பழகிவிடுங்கள். பயிற்சி பெற்ற பெண் பாடகர்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள் என்பதற்காக நடிகருக்கும் அதையே வைக்கக் கூடாது. பேசும் குரலிலிருந்து சிரமமின்றி எட்டக்கூடிய இடம் எதுவோ அதுவே சரி. பாட்டிலிருந்து பேச்சுக்கு இறங்கும்போது குரல் படியிலிருந்து குதிப்பது போலக் கேட்டால், சுருதி அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியில் பாட்டு

கடிதம் வெளியே வந்துவிட்டது, சண்டை முடிந்துவிட்டது, கயல் பையை எடுக்கிறாள். இப்போது ஒரு பிரிவுப் பாட்டு. எழுதுகிறவருக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் எல்லாம் தீர்ந்த பிறகு வரும் பாட்டு நடந்ததையே திரும்பச் சொல்லும். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைத் தீர்க்காமல் விட்டு, அதைப் பாட்டின் கடைசி வரியில் தீருங்கள். கயல் வாசலில் நின்று "எனக்குக் கொஞ்சம் தருவியா?" என்று பாடுகிறாள், மலர் பதில் பாடுவாளா மாட்டாளா என்பது மட்டும் மிச்சம். அதற்கு இரண்டு வரி போதும். பத்து நொடியைத் தாண்டக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கதை ஒருத்தியின் மனசாட்சியைப் பற்றியது, நடிகரும் நன்றாகப் பாடுவார் என்றால் தனிமைப் பாட்டு பொருந்தும். கதை இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிறது என்றால் கதைக்குள் பாடும் பாட்டுதான். நடிகர்களுக்குச் சுமாராகத்தான் பாட வரும் என்றாலும் இதுவே பாதுகாப்பானது. வீட்டில் போர்வை மடிக்கிற இரண்டு பேர் பாடகர்களைப் போலப் பாட வேண்டியதில்லை, குரல் கொஞ்சம் பிசிறினால் உண்மையாகக்கூட இருக்கும். நடிகருக்குச் சுத்தமாகப் பாட வராது, பின்னணிக் குரல்தான் என்றால் இரண்டு வழியுமே தளர்ந்துவிடும். முடிவை எடுக்கிறவள் வாய் மூடி நிற்க, வேறொருவர் அவளுக்காக முடிவெடுப்பது போல ஆகிவிடும். அப்படிப்பட்ட குழு பாட்டையே விட்டுவிட்டு, அந்த நான்கு வரியைத் தாளத்தோடு பேசும் விளையாட்டாக மாற்றிக்கொள்ளலாம். மேலே சொன்ன காட்சி அப்படியும் நிற்கும்.

எந்த வழியில் போனாலும் சொல்லும் மெட்டும் சேரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். திருப்பம் ஒரே ஒரு சொல்லில் இருக்கும்போது அந்தச் சொல் காதில் தெளிவாக விழாவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். தமிழில் குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும், பொருளே மாறும். "விடு" என்பதை இரண்டு அடிக்கு இழுத்தால் "வீடு" என்று கேட்கும், "எடு" என்பது "ஏடு" ஆகும். நீளமான சுரங்களை நெடிலின் மேல் மட்டும் வையுங்கள். விளையாட்டுப் பாட்டில் "மூடின" என்பதன் "மூ", "ஓடி" என்பதன் "ஓ" இரண்டும் நெடில், இழுத்தால் பழுதில்லை. "முத்து" என்பதை இழுக்கக் கூடாது, பேசும் வேகத்திலேயே தட்டிவிட வேண்டும். "தந்தா நீ ஓடிப் போயிருவே" என்ற வரியில் "தந்தா நீ" சமத்துக்கு முன்னாலேயே விரைவாகப் போய்விட, "ஓ" சமத்தில் வந்து விழட்டும். முன்பு "ஓடி வந்தா" என்பதில் "ஓ" விழுந்த அதே இடம், அதே சுரம். பழைய வரி காதில் தானாகத் திரும்பி ஒலிக்கும்.

இன்னொன்று, பாட்டுக்கு முந்தைய வசனம். நடிகர் "எனக்குப் பயமா இருக்கு, நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்" என்று பேசி முடித்துவிட்டு அதையே பாடத் தொடங்கினால், பார்வையாளர் இரண்டாம் முறை கேட்கமாட்டார். பாட்டு எழுதி முடித்ததும் வசனப் பிரதிக்குத் திரும்பிப் போய், பாட்டு சொல்லும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் வரிகளை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு வரி போகும்.

முடிவில் கைதட்டலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பாட்டு நிறைவான சுரத்தில் வந்து அமர்ந்து, தாளமும் முத்தாய்ப்போடு முடிந்தால் அரங்கம் பழக்கத்தில் கைதட்டும். அடுத்த வசனம் அதில் அமுங்கும், நடிகர்கள் உறைந்து நிற்பார்கள், கதை மறுபடி சூடு பிடிக்க நேரம் ஆகும். தனிமைப் பாட்டில் "கொடுத்தாப் போச்சு" என்பதை ஆதார சட்ஜத்தில் கொண்டுபோய் முடிக்காதீர்கள். பஞ்சமத்திலேயே தொங்கவிட்டு, அடுத்த சமத்தில் மலர் "கயலு!" என்று பேச்சுக் குரலில் கூப்பிடட்டும். வாசலில் காலடிச் சத்தம் அந்தக் கூப்பாட்டின் மேலேயே கேட்க வேண்டும். விளையாட்டுப் பாட்டில் இந்தக் கவலை கிடையாது, கயலின் கேள்வி பாட்டை நடுவில் வெட்டிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு முன் மூச்சு விடும் அளவுக்குக்கூட இடைவெளி கொடுக்காமல் நடிகரைப் பழக்குங்கள். ஒத்திகையில் பாட்டை மட்டும் தனியாக எடுத்துப் பயிற்சி செய்தால் இந்த ஒட்டு வராது. ஒவ்வொரு முறையும் பாட்டுக்கு முந்தைய நான்கு வசனத்திலிருந்து தொடங்கி, பிந்தைய நான்கு வசனம் வரை ஓட்டிப் பார்த்த பிறகே நிறுத்துங்கள்.